இந்தியின் ‘தும்’: தமிழில் அதற்குரிய இடம்

இந்தியின் முன்னிலை ஒருமையில் தூ, தும், ஆப் என மூன்று படிநிலைகள் உள்ளன. தமிழிலும் நீ, நீர், நீங்கள் என மூன்று இருப்பதால், இவை ஒன்றுக்கொன்று நேர் எனக் கொள்ளத் தோன்றும். ‘ஆப்’ பெரும்பாலும் ‘நீங்கள்’ என்பதற்குள் அடங்கிவிடுகிறது. சிக்கல் நடுவில் உள்ள ‘தும்’ என்பதில்தான்.

வடிவ வரலாற்றில் தும், நீர் இரண்டும் உறவுடையன போலவே நடந்துகொண்டுள்ளன. இரண்டும் பன்மையாக இருந்து ஒருவரை மதித்துச் சுட்டும் நிலைக்கு வந்தவை. பன்மைப் பொருள் மங்கியதும் தமிழ் ‘கள்’ விகுதி பெற்ற ‘நீங்கள்’ என்பதைப் பன்மைக்கு வைத்துக்கொண்டது. இந்தி ‘தும் லோக்’ என்று ‘மக்கள்’ எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் வழக்கில் இவை பிரிந்துவிட்டன. நண்பர், மனைவி, வளர்ந்த மகன், தம்பி ஆகியோரிடம் இயல்பாக வழங்குவது ‘தும்’. இன்றைய தமிழகப் பொதுவழக்கில் இவர்கள் அனைவரும் ‘நீ’. அங்கு ‘நீர்’ பழைய உரைநடைக்கும் மேடை நாடகத்துக்கும் சில வட்டார வழக்குகளுக்கும் உரியது. ஆதலால் ‘தும்’ வருமிடமெல்லாம் ‘நீர்’ என எழுதினால், தாய் மகனிடம் அரசவையில் நின்று பேசுவது போலாகிவிடும்.

அப்படியானால் ‘தூ’, ‘தும்’ இரண்டும் ‘நீ’ என ஒன்றாகிவிடுகின்றன. ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். மகனிடம் எப்போதும் ‘தும்’ எனப் பேசும் தாய், அவன் நள்ளிரவில் வீடு திரும்பியபோது, ‘தும் கப் ஆயே?’ என்னாது ‘தூ கப் ஆயா?’ என்கிறாள். பெயரும் வினையும் ஒருங்கே தாழ்ந்து சினத்தைக் காட்டுகின்றன. இரண்டையும் ‘நீ எப்போது வந்தாய்?’ எனப் பெயர்த்தால் சினம் காணாமற் போகும். தமிழ் இம்மாற்றத்தைப் பெயரில் அன்று, விளி இடைச்சொல்லில் ஏற்றும்: முன்னது ‘எப்போதப்பா வந்தாய்?’, பின்னது ‘எப்போதடா வந்தாய்?’. ஆனால் ‘தூ’ வந்தவிடத்தெல்லாம் ‘அடா’ சேர்ப்பதும் பிழையே. இறைவனை விளிக்கும் ‘தூ’ தமிழில் வெறும் ‘நீ’. மேலும் ‘தூ’ பால் காட்டாது. ‘அடா’, ‘அடி’ காட்டும். எனவே மூலத்தில் படிநிலை மாறும் இடத்தையே மொழிபெயர்ப்பாளர் நோக்க வேண்டும். ஒரே படிநிலை தொடருமாயின் ‘நீ’ போதும்.

மேலிருந்து இறங்கும் மாற்றம் இதனினும் கடினம். கணவனை ‘ஆப்’ என்று வந்த மனைவி பூசலில் ‘தும்’ என்றால் அது ஒரு படி இறக்கம். ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்குத் தாவுவது தமிழில் ஏறத்தாழ உறவு முறிவு. இவ்விடத்தில் ‘நீங்கள்’ என்பதை விடாமல், ‘என்னங்க’ போன்ற விளியை மட்டும் நீக்கிவிடுவது மூலத்தின் அளவுக்கு நெருங்கி வரும் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத் தமிழில் நிலைமை வேறு. அங்கு ‘நீர்’ நண்பரிடையேயும் கணவன் மனைவியிடம் பேசுகையிலும் உயிர்ப்புடன் வழங்குகிறது. அவ்வழக்கில் எழுதும் மொழிபெயர்ப்பாளருக்குத் ‘தும்’ பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது.