விண்டோஸ் 11 உள்ளே வர மறுத்தால், முதலில் பயாஸைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், சில கணினிகளில் செக்யூர் பூட் இல்லை, டிபிஎம் 2.0 இல்லை என்று சிவப்புக் குறி வருகிறது. கணினியே பழசாகிவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் இரண்டும் உள்ளேயே இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதி. இதற்குத் தனிச் சிப் தேவையில்லை. இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இது பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது. செக்யூர் பூட், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, அதை ஏற்றும் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பழைய லெகசி முறையில் தொடங்கும் கணினியில் இது இயங்காது. யூஇஎஃப்ஐ முறை வேண்டும்.

ஐ5-8400 பிராசஸர் உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இது உண்டு. விண்டோஸ் விசையோடு R அழுத்தி `tpm.msc` என்று கொடுத்தால், டிபிஎம் கிடைக்கவில்லை என்கிறது. `msinfo32` கொடுத்தால், BIOS Mode என்ற வரியில் Legacy என்று காட்டுகிறது. அதாவது, விண்டோஸ் 10-ஐ அன்று பழைய முறையில் போட்டிருக்கிறார்கள். வட்டு எம்பிஆர் அமைப்பில் இருக்கிறது.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, பிட்லாக்கர் இருந்தால் இடைநிறுத்த வேண்டும். பிறகு, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில்:

```
mbr2gpt /validate /allowFullOS
mbr2gpt /convert /allowFullOS
```

முதல் வரி சோதனை மட்டும்; அது தேறினால்தான் இரண்டாவது. வட்டில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பகுதிகள் இருந்தால் சோதனையே தோற்கும். மாற்றம் முடிந்ததும் பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை அணைத்து, யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், பிடிடி மூன்றையும் இயக்க வேண்டும். வட்டை மாற்றாமல் பயாஸை மட்டும் மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. பழைய அமைப்புக்குத் திருப்பினால் மீளும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், சிஎஸ்எம் அணைந்ததும் திரையே வராமல் போகலாம்.

ஐ5-6500 போன்ற ஆறாம் தலைமுறைப் பிராசஸர் என்றால் இந்த வேலை பயன்படாது. டிபிஎம் 2.0 இருந்தாலும் பிராசஸர் பட்டியலில் இல்லை. ரெஜிஸ்ட்ரியை மாற்றி விண்டோஸ் 11-ஐப் புகுத்த வழியுண்டு. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதைவிட, வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும் இஎஸ்யூ திட்டத்தில் சேர்வது நல்லது. பிரௌசரும் கடிதம் தட்டுவதும் மட்டுமே வேலை என்றால், லினக்ஸ் மின்ட் அந்தக் கணினியிலேயே ஓடும். அதை பென்டிரைவிலிருந்து ஓட்டி, பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம்.