ஒரே படத்தில் பல நிறச் சட்டைகள்

ஒரு சிவப்பு டி-ஷர்ட்டின் படத்தில் நிறமும் வெளிச்சமும் கலந்திருக்கின்றன. மடிப்பு, பின்னலின் நுண்ணிய வரிகள், தோளில் விழும் பளபளப்பு ஆகியவை பெரும்பாலும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமாகவே பதிகின்றன. அதைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் துணி துணியாகவே இருக்கும். தூரிகையால் நீலத்தைப் பூசினால் எல்லாம் மறைந்து, கத்தரித்த காகிதம் போலாகிவிடும்.

போட்டோஷாப்பில் முதல் வேலை சட்டையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்து மாஸ்க் செய்வது. ஓரத்தை அரை பிக்சல் முதல் ஒரு பிக்சல் வரை மென்மையாக்க வேண்டும். இல்லாவிட்டால் நீலச் சட்டையைச் சுற்றிச் சிவப்புக் கோடு தெரியும். பிறகு Solid Color லேயர் ஒன்றில் வேண்டிய நிறத்தைக் கொடுத்து, அதன் பிளெண்ட் மோடை Color என மாற்ற வேண்டும். இந்த மோட் கீழே உள்ள படத்தின் வெளிச்ச அளவை வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் மேலேயிருந்து எடுக்கிறது.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். சட்டையின் சிவப்பு 200, 30, 40 என்ற ஆர்ஜிபி மதிப்பில் இருப்பதாகக் கொள்வோம். அதன் வெளிச்சம், 255-ஐ உச்சமாகக் கொண்டால், சுமார் 82. தேவைப்படும் நேவி நீலமோ 25, 35, 80. அதன் வெளிச்சம் 37தான். Color மோட் பழைய 82-ஐ விடாததால் கிடைப்பது நேவி அல்ல, வெளிறிய நீலம். ஆகவே மேலே, அதே மாஸ்க்குடன் ஒரு Curves லேயர் சேர்த்து, 82-ஐ 37-க்கு இறக்க வேண்டும். கோட்டின் மேல்முனையை அசைக்கக் கூடாது; அசைத்தால் பளபளப்பு மங்கிவிடும்.

மஞ்சளுக்கு மாற்றுவது இதைவிடக் கடினம். பிரகாசமான மஞ்சளின் வெளிச்சம் 200-ஐ நெருங்கும். அதை 82-இல் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிவது பழுப்பு. மேலே இழுத்தால் நிழலில் ஒளிந்திருந்த புள்ளிகள் பெரிதாகின்றன. பளபளப்புக்கு மிச்சமிருக்கும் இடமும் சுருங்குகிறது. அதனால் பல நிறங்கள் தேவைப்படும் கேட்டலாக்குக்கு வெளிர் சாம்பல் சட்டையைப் படமெடுப்பதே புத்திசாலித்தனம். கறுப்புச் சட்டையிலிருந்து வெள்ளையை வரவழைக்கப் பார்ப்பது வீண்வேலை.

சாட்டின் போன்ற துணியில் பளபளப்பின் உச்சி துணியின் நிறத்தில் இராது, விளக்கின் வெண்மையில் இருக்கும். நிறம் அதன்மேல் படியாதபடி Blend If பகுதியில் Underlying Layer-இன் வெள்ளை முக்கோணத்தை இடப்புறம் நகர்த்தலாம். Alt விசையை அழுத்தி முக்கோணத்தை இரண்டாகப் பிரித்தால் எல்லை மெல்ல மாறும். அளவுக்கு மீறி நகர்த்தினால் நீலச் சட்டையின் தோளில் ரோஸ் திட்டுகள் எட்டிப் பார்க்கும். அவை பழைய சிவப்பின் மிச்சம். கழுத்தின் கீழ்ப்பகுதியிலும் சிவப்பு பிரதிபலித்திருக்கும். அதைத் தனியாகக் குறைக்க வேண்டும்.

கடைசியில் 100 சதவீத அளவில் பின்னலைப் பார்த்து, அதே விளக்கில் எடுத்த அசல் துணித் துண்டின் படத்தோடு நிறத்தை ஒப்பிட வேண்டும். வெள்ளை நூலும் கறுப்பு நூலும் கலந்த மெலாஞ்ச் துணிக்கு இந்த முறை அவ்வளவாகப் பயன்படாது. வெள்ளை நூலிலும் நிறம் ஏறிவிடும் என்பதால், அதைத் தனியே படமெடுப்பதே நல்லது.