ஐந்து நட்சத்திரம் கிடைத்தும் ஏன் இறங்குகிறது மதிப்பெண்?

அப்வொர்க் தளத்தில் வேலை செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "எல்லாருமே ஐந்து நட்சத்திரம்தான் கொடுத்தாங்க. ஆனா ஜாப் சக்சஸ் ஸ்கோர் மட்டும் சரிஞ்சு போச்சு." பொய்யில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் வாடிக்கையாளர் இரண்டு விதமாகக் கருத்துச் சொல்கிறார். நட்சத்திரம் ஊருக்குத் தெரியும். 'இவரை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்று தளம் தனியாகக் கேட்கும் கேள்விக்கு 0 முதல் 10 வரை அவர் போடும் எண் நமக்குத் தெரியவே தெரியாது. முகத்துக்கு நேரே முறைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. மனத்தாங்கல் அந்த எண்ணில்தான் இறங்கும்.

மதிப்பெண்ணின் அடிப்படைக் கணக்கு எளிது. வெற்றியாக முடிந்த ஒப்பந்தங்களிலிருந்து கெட்டுப்போனவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுக்கிறார்கள். லோகோ வரையும் ஒருவருக்கு 20 ஒப்பந்தம், அதில் ஒன்று கெட்டது என்று வையுங்கள். 19-இல் 1 போனால் 18. மதிப்பெண் 90 சதவீதம். இரண்டு கெட்டால் 18-இல் 2 போய் 16, நேரே 80. ஒரே வேலை பத்துப் புள்ளியை விழுங்கிவிடுகிறது, ஏனென்றால் அது வெற்றிக் கணக்கிலும் குறைகிறது, கழிவிலும் சேர்கிறது.

அந்த இரண்டாவது வேலையில் லோகோ நன்றாகத்தான் வந்திருக்கும். திங்களன்று வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு இவர் புதனன்று பதில் போட்டார், அவ்வளவுதான். தாமதத்துக்கு மதிப்பெண்ணில் தனிப் பத்தி இல்லை. காத்திருந்தவரின் எரிச்சல்தான் அந்த ரகசிய எண்ணுக்குள் புகுந்துகொள்கிறது.

பாதியில் நின்ற ஒப்பந்தத்தில் பலரும் ஒன்றை நம்புகிறார்கள்: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கறை போய்விடும் என்று. முழுத் தொகையையும் திருப்பினால் வெளியே தெரியும் விமர்சனம் மறையும். மதிப்பெண்ணில் அதன் பாதிப்பு அப்படியே நிற்கலாம். கருத்தே எழுதப்படாமல் மூடப்பட்ட ஒப்பந்தம் ஒன்றிரண்டு இருந்தால் கேடில்லை, அடிக்கடி நடந்தால்தான் சிக்கல்.

தேடலில் இதன் அடி எங்கே விழுகிறது? ஆள் தேடுபவர் '90 சதவீதமும் அதற்கு மேலும்' என்று வடிகட்டும் வசதி அங்கே இருக்கிறது. அதைத் தட்டினால் 80-இல் இருப்பவர் எத்தனையாவது பக்கம் என்ற கேள்வியே எழாது. அவர் பட்டியலிலேயே இல்லை. டாப் ரேட்டட் முத்திரைக்கும் 90 தேவை என்பதால் அதுவும் கூடவே ஆட்டம் காணும்.

ஓர் ஆறுதல் உண்டு. தளம் 6, 12, 24 மாதக் கணக்குகளைத் தனித்தனியே போட்டுப் பார்த்து, இருப்பதில் நல்லதைத்தான் காட்டுகிறது. அந்த லோகோக்காரர் அடுத்த ஆறு மாதம் எட்டுப் பேருக்குப் பிசகில்லாமல் முடித்துக் கொடுத்தால், பழைய இரண்டும் குறுகிய கணக்குக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வேலையையும் முடிக்கும் முன், "ஏதாவது குறை இருக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், ரகசியமாகப் போக வேண்டிய எரிச்சல் அரட்டைப் பெட்டியிலேயே வெளிவந்துவிடும்.