அணிப் பெருக்கல்: நிரையும் நிரலும் ஏன் சேர்கின்றன?

எண்களை நிரை, நிரல் என்று கட்டமாக அடுக்கி வைத்தால் அது ஓர் அணி. இரண்டு அணிகளைக் கூட்டும்போது ஒரே இடத்தில் இருக்கும் எண்களைக் கூட்டினால் போதும். பெருக்கலுக்கு மட்டும் விதி வேறு: முதல் அணியின் நிரையை இரண்டாம் அணியின் நிரலோடு பெருக்கிக் கூட்ட வேண்டும். பள்ளியில் பலர் மனப்பாடம் செய்துவிடும் இந்த விதிக்குத் தெளிவான காரணம் உண்டு. அதை ஒரு சிற்றுண்டிக் கடையின் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

கடையில் சனிக்கிழமை 2 பாத்திரம் இட்லி மாவும் 3 பாத்திரம் தோசை மாவும் தேவை. ஞாயிற்றுக்கிழமை 4 பாத்திரம் இட்லி மாவும் 5 பாத்திரம் தோசை மாவும் தேவை. ஒரு பாத்திரம் இட்லி மாவுக்கு 4 கிலோ அரிசி, 1 கிலோ உளுந்து. தோசை மாவுக்கு 3 கிலோ அரிசி, 1 கிலோ உளுந்து என்று கொள்வோம்.

```
A = | 2  3 |      B = | 4  1 |
    | 4  5 |          | 3  1 |
```

A அணியின் நிரைகள் நாள்கள், நிரல்கள் மாவு வகைகள். B அணியின் நிரைகள் மாவு வகைகள், நிரல்கள் அரிசியும் உளுந்தும். சனிக்கிழமைக்கு எவ்வளவு அரிசி வேண்டும்? இட்லிக்கு 2 × 4, தோசைக்கு 3 × 3, ஆக 17 கிலோ. கணக்குப் போட்டவர் தம்மை அறியாமலே A-யின் முதல் நிரையையும் B-யின் முதல் நிரலையும் சேர்த்துவிட்டார். மற்ற மூன்று இடங்களையும் இப்படியே நிரப்பினால்:

```
AB = | 17  5 |
     | 31  9 |
```

இதில் நிரைகள் நாள்கள், நிரல்கள் பொருள்கள். இடையில் நின்ற மாவு வகை கூட்டலில் கரைந்துவிட்டது. முதல் அணியின் நிரல்களும் இரண்டாம் அணியின் நிரைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கிருந்துதான் வருகிறது: இரண்டும் ஒரே பட்டியலைக் குறிக்க வேண்டும்.

BA-வையும் கணக்கிட முடியும்; அதன் முதல் உறுப்பு 4 × 2 + 1 × 4 = 12. ஆனால் இது இட்லிக்கான அரிசியைச் சனிக்கிழமையோடும் உளுந்தை ஞாயிற்றுக்கிழமையோடும் பெருக்கிக் கூட்டிய எண். அதற்குப் பொருளே இல்லை. AB-யும் BA-வும் பொதுவாகச் சமமல்ல என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்டுவது கடினம்.

தொடக்கத்தில் அடிக்கடி நேரும் பிழை, ஒரே இடத்து எண்களைப் பெருக்கிவிடுவது. அப்படிச் செய்தால் முதல் நிரை 8, 3 என்றும் இரண்டாவது 12, 5 என்றும் வரும். பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. A-யின் நிரல்களைக் கூட்டினால் 6, 8. அதாவது இரு நாளுக்கும் சேர்த்துத் தேவையான பாத்திரங்கள். இந்த நிரையை B-யால் பெருக்கினால் 48, 14 கிடைக்கும். AB-யின் நிரல்களின் கூடுதலும் அதுவேதான். தவறான விடையிலோ 20, 8 என்று வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140 ரூபாய் என்றால் விலை C என்னும் ஒற்றை நிரலாகிறது. AB-யை C-யால் பெருக்கினால் சனிக்கிழமைச் செலவு 1,550 ரூபாய், ஞாயிறு 2,810 ரூபாய். மாறாக, BC-யை முதலில் கண்டால் ஒரு பாத்திரம் இட்லி மாவு 340 ரூபாய், தோசை மாவு 290 ரூபாய் என்று தெரியும். அதை A-யால் பெருக்கினாலும் செலவு அதேதான். அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாது, உழைப்பு மாறும்: முதல் வழிக்கு 12 பெருக்கல்கள், இரண்டாவதற்கு 8. பெரிய அணிகளில் இந்த வேறுபாடு கணினியின் நேரத்தையே தீர்மானிக்கிறது.

ஒரு மாற்றத்தின் மேல் இன்னொரு மாற்றத்தைச் செய்வதுதான் அணிப் பெருக்கல். ஆர்தர் கேலி 1858-இல் அணிகளின் இயற்கணிதத்தை வகுத்தபோது பெருக்கலுக்கு அடிப்படையாக இருந்ததும் இதுவே. கணினித் திரையில் படம் திரும்புவது இதன் நேரடிப் பயன். R என்பது புள்ளியை 90° இடஞ்சுழியாகத் திருப்பும் அணி. S என்பது x அச்சில் பிரதிபலிக்கும் அணி.

```
R = | 0  -1 |   S = | 1   0 |   SR = |  0  -1 |
    | 1   0 |       | 0  -1 |        | -1   0 |
```

புள்ளி (2, 1)-ஐ முதலில் திருப்பினால் (-1, 2). பிறகு பிரதிபலித்தால் (-1, -2). வரிசையை மாற்றி, முதலில் பிரதிபலித்துப் பிறகு திருப்பினால் (1, 2). புள்ளியை வலப்பக்கத்தில் நிரலாக எழுதுவதால், முதலில் செய்யும் மாற்றம் அதை ஒட்டி நிற்கும். ஆகவே SR என்றால் முதலில் R, அடுத்து S. இந்த வரிசையில் தடுமாறாதவர் குறைவு. படத்தில் ஆயிரம் புள்ளிகள் இருந்தாலும் SR-ஐ ஒரே முறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புள்ளியையும் ஒரே பெருக்கலில் இறுதி இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.