பைபேக் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாக, அதாவது பைபேக் செய்யப்போவதாக அறிவித்ததும் பலர் ஒரு கணக்குப் போடுவார்கள். லாபம் 100 கோடி ரூபாய், பங்குகள் 10 கோடி. ஆக ஒரு பங்குக்கான லாபம், அதாவது ஈ.பி.எஸ்., 10 ரூபாய். பங்கின் விலை 200 ரூபாய். 200 கோடியைக் கொடுத்து 1 கோடி பங்குகளை வாங்கி ரத்து செய்தால் மீதி 9 கோடி. 100 கோடியை அதால் வகுத்தால் 11 ரூபாய் 11 காசு வருகிறதே!

வராது. அந்த 200 கோடி சும்மா கிடந்த பணம் அல்ல. 7 சதவீத வட்டிக்கு வங்கி டெபாசிட்டில் இருந்தது என்று கொள்வோம். 14 கோடி வட்டியில் 25 சதவீத வரி போக, பத்தரைக் கோடி அந்த 100 கோடி லாபத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. டெபாசிட்டை உடைத்ததும் லாபம் 89.5 கோடியாகிவிடும். ஈ.பி.எஸ். 9 ரூபாய் 94 காசு. பைபேக் செய்தும் இறங்கிவிட்டது.

டெபாசிட்டைத் தொடாமல் 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் இன்னும் மோசம். வட்டி 18 கோடி. அதனால் மிச்சமாகும் வரியைக் கழித்தால் பதின்மூன்றரைக் கோடி சுமை. ஈ.பி.எஸ். 9 ரூபாய் 61 காசு.

இதே பங்கு 100 ரூபாய்க்குக் கிடைத்தால் கதை மாறும். அதே 200 கோடிக்கு 2 கோடி பங்குகள் குறையும். கைப்பணத்தில் வாங்கினால் 11 ரூபாய் 19 காசு, கடனில் வாங்கினால் 10 ரூபாய் 81 காசு. 200 ரூபாய் விலையில் 10 ரூபாய் லாபம் என்பது 5 சதவீதம்; 100 ரூபாய் விலையில் 10 சதவீதம். இந்தச் சதவீதம், வரி போக வட்டியாக இழக்கும் அல்லது கட்டும் சதவீதத்தைவிட அதிகமாக இருந்தால்தான் ஈ.பி.எஸ். ஏறும்.

கையில் பணம் இருக்கும்போது கடன் எதற்கு? 2013-ல் ஆப்பிளிடம் சுமார் 14,500 கோடி டாலர் இருந்தது. ஆனால் பெரும்பகுதி வெளிநாடுகளில். அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் 35 சதவீதம் வரை வரி. அதனால் பங்குகளைத் திரும்ப வாங்கவும் டிவிடெண்ட் தரவும் 1,700 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி 2.4 சதவீதம்தான், பங்கின் லாப விகிதமோ அப்போது ஏறக்குறைய 10 சதவீதம். கணக்கு கடன் பக்கமே சாய்ந்தது. இந்தியாவில் வங்கிக் கடனில் பைபேக் செய்ய செபி விதிகள் இடம் தருவதில்லை.

அந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. நம் 100 ரூபாய் உதாரணத்தில் தொழில் லாபம் பாதியாகிவிட்டால், கைப்பணத்தில் வாங்கிய நிறுவனத்தின் ஈ.பி.எஸ். 5 ரூபாய் 59 காசு, கடன் வாங்கியதுக்கு 5 ரூபாய் 22 காசு. பைபேக்கே செய்யாதிருந்தால் 5 ரூபாய் 53 காசு. கடன் வாங்கிய நிறுவனத்திடம் 200 கோடி டெபாசிட் மிச்சமிருக்கிறது என்பது உண்மை. அப்படி எதுவும் இல்லாமல் கடன் வாங்கியிருந்தால் வட்டியும் அசலும் சரிந்த லாபத்திலிருந்தே போக வேண்டும்.

பைபேக்குக்குப் பின் வரும் முடிவுகளில் ஈ.பி.எஸ்.ஸை மட்டும் பார்க்காதீர்கள். அது ஏறியும் நிகர லாபம் அசையவில்லை என்றால் பங்குகள்தான் குறைந்திருக்கின்றன. ‘இதர வருமானம்’ சுருங்கியிருந்தால் கைப்பணம் போயிருக்கலாம். ‘நிதிச் செலவு’ பெருத்திருந்தால் கடன் வந்திருக்கலாம்.