ஒன்றரை கிலோவா, ஒன்றரை டன்னா?

உலகத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சில பாஷைகள் இருக்கின்றன. மலேசியாவின் மலாயும் இந்தோனேஷியாவின் பாஷா இந்தோனேஷியாவும் அந்த ரகம். அங்கிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் பெரும்பாலும் துபாஷி இல்லாமலே பேசிக்கொள்ளலாம். 'கப்பல்' இரண்டிலும் காப்பால்தான். நம் 'கடை' இரண்டிலும் கெடைதான். இரண்டு வார்த்தையுமே நம்மூரிலிருந்து கப்பல் ஏறிப் போனவை.

எனக்கு இந்த இரட்டையர்களோடு தினசரி பழக்கம். சென்னையில் ஒரு சரக்கு அனுப்பும் ஆபீஸில் வேலை. மலாக்கா ஜலசந்திக்கு அந்தக் கரையில் பினாங்கு, இந்தக் கரையில் மேடான். இரண்டு ஊரிலிருந்தும் எங்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எது மலாய், எது இந்தோனேஷியா என்று பிரித்து, அதது உரிய மேஜைக்குத் தள்ளிவிடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

"இதென்ன பெரிய வேலை? கம்ப்யூட்டர்தானே கண்டுபிடிக்குது?" என்பார் பக்கத்து சீட் கணக்குப்பிள்ளை. கண்டுபிடிக்கும். ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும். ஆனால் யார் ஸார் இப்போது ஒரு பக்கம் எழுதுகிறார்கள்? 'இன்று வருமா?', 'சரி', 'நன்றி', அவ்வளவுதான்.

முதலில் ஒரு பழைய கதை. 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் உட்கார்ந்து மலாய் உலகத்தை நடுவில் கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இரண்டு எஜமானர்களும் தங்கள் பாணியில் ஸ்பெல்லிங் பழக்கினார்கள். 'ச' சத்தத்துக்கு ஆங்கிலேயர் பக்கம் 'சி-ஹெச்' என்று இரண்டு எழுத்து. டச்சுப் பக்கம் 'டி-ஜே'. 'ஜ' என்றால் அங்கே 'ஜே', இங்கே 'டி' போட்டு 'ஜே'. பழைய தேசப்படத்தில் ஜகார்த்தா என்ற பெயருக்கு முன்னால் ஒரு அநாவசிய 'டி' பார்த்திருப்பீர்கள், அது டச்சு மிச்சம்.

அந்தக் காலத்தில் என் புரோகிராம் இருந்திருந்தால் எனக்கு வேலையே இல்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். 'பேரன்' என்று எழுதினாலே ஆள் எந்தக் கரை என்று தெரிந்துவிடும். ஆனால் 1972-ல் இரண்டு அரசாங்கங்களும் பேசி, ஸ்பெல்லிங்கை ஒன்றாக்கிவிட்டன. 'ச'வுக்கு இரு கரையிலும் வெறும் 'சி'. படிப்பவர்களுக்கு மகா சௌகரியம். பாஷை பிரிக்கிற எங்கள் ஜாதிக்கு மட்டும் இருந்த ஒரே மச்சத்தை அழித்துவிட்டார்கள்!

மிச்சம் இருப்பவை சின்னச் சின்ன அடையாளங்கள். 'ஏனென்றால்' என்பதற்கு மலாயில் கெரானா, அங்கே கரேனா. பணம் இங்கே வாங், அங்கே உவாங். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேருமே ஜுமாத்தான். ஆனால் எழுதும்போது மலாய்க்காரர் 'ஏ' எழுத்தை இரண்டு தடவை போடுவார், மற்றவர் ஒரு தடவை.

இதை வைத்துக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு அர்த்தம் தெரியாது. இரண்டு பாஷையிலும் மூட்டை மூட்டையாகப் பத்திரிகைச் செய்திகளைக் கொடுத்து, மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி எண்ணச் சொல்கிறோம். எந்தத் துண்டு எந்தப் பக்கம் அதிகம் என்று ஒரு பட்டியல். புதுச் செய்தி வந்ததும் அதையும் நறுக்கி, எந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன சாட்சி. நீளமான செய்தியில் நூற்றுக்கணக்கான சாட்சிகள் வருவார்கள். அதில் பத்துப் பேர் உளறினாலும் கேஸ் ஜெயித்துவிடும். இரண்டு வார்த்தைச் செய்தியில் ஏழெட்டு சாட்சிகள்தான், அவர்களும் பெரும்பாலும் இரண்டு கட்சிக்கும் சொந்தக்காரர்கள்!

ஒரு கேஸை முழுசாகப் பார்க்கலாம்.

'போலே டாத்தாங் ஹாரி இனி?' இன்று வரலாமா என்று அர்த்தம். டாத்தாங் (வருவது), ஹாரி (நாள்), இனி (இந்த) மூன்றும் இரண்டு பாஷையிலும் எழுத்து மாறாமல் இருக்கின்றன. அவை சாட்சிக் கூண்டில் ஏறி வாய் திறக்காமல் இறங்கிவிடும். பாக்கி 'போலே' ஒன்றுதான். மலாயில் 'முடியும்' என்பதற்கெல்லாம் போலேதான். இந்தோனேஷியாவில் 'முடியும்' என்றால் பிசா. அனுமதி கேட்கும்போது மட்டும் போலே வரும்.

கணக்குக்காக, போலே மலாயில் ஐந்து தடவை வரும்போது அங்கே ஒரு தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஒன்று. உடனே 'மலாய்!' என்று கத்திவிடலாமா? பொறுங்கள். எங்கள் ஆபீஸுக்குப் பினாங்கிலிருந்து ஒரு செய்தி வந்தால் மேடானிலிருந்து நாலு வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பெருக்க வேண்டும். ஐந்துக்கு ஒன்று, இப்போது ஐந்துக்கு நாலாகிவிடும். இப்படி வரும் ஒன்பது செய்தியில் ஐந்து மலாய், நாலு இந்தோனேஷியா. இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? பூவா தலையா போட்டாலே ஏறக்குறைய அதே லட்சணம்தான்.

அதே செய்தி 'பிசா' என்று ஆரம்பித்திருந்தால் தைரியமாக இந்தோனேஷியா என்று சொல்லலாம். மலாயில் பிசா என்றால் பொதுவாக விஷம். "விஷம் இன்று வருமா?" என்று யாரும் சரக்கு ஆபீஸுக்கு எழுதுவதில்லை.

பத்திரிகை படித்து வளர்ந்த புரோகிராமுக்கு வேறு இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று, பேச்சு வழக்கு புரியாது. 'இல்லை' என்பதற்கு இந்தோனேஷியா இளவட்டம் 'காக்' என்று தட்டும். மலாய் இளவட்டம் 'தாக்' என்பதை இன்னும் சுருக்கி வெறும் 'எக்ஸ்' என்ற எழுத்தைப் போடும். நமக்கு இவை தங்கமான அடையாளங்கள். ஆனால் செய்தித்தாளில் இப்படி யாரும் எழுதாததால் புரோகிராம் முழிக்கும். கொஞ்சம் நிஜக் குறுஞ்செய்திகளைச் சேர்த்துப் பழக்கினால் இது தீரும்.

இரண்டாவது, ஊர்ப் பெயரில் மயங்குவது. 'மேடான்' என்று பார்த்ததும் இந்தோனேஷியா என்று தீர்ப்பு எழுதிவிடும். மேடான் என்றால் மைதானம், சதுக்கம் என்று மலாயில் சாதாரண வார்த்தையும்கூட. கோலாலம்பூரில் மேடான் துவாங்கு என்றே ஓர் இடம் இருக்கிறது. ஊர்ப் பெயர்களை மறைத்துவிட்டுச் சோதித்துப் பார்த்தால்தான் புரோகிராம் நிஜமாகவே பாஷையைக் கற்றதா, தேசப்படத்தை உருப்போட்டதா என்பது தெரியும்.

சரி, தப்பாகப் பிரித்தால் என்ன குடி முழுகிவிடும்? இந்தச் செய்தியைப் பாருங்கள்: 'பெராட் 1.500 கிலோ.'

பெராட் என்றால் எடை. இரண்டு பாஷையிலும் அதே வார்த்தை, அதே ஸ்பெல்லிங். ஆனால் மலேசியாவில் நம்மைப் போலப் புள்ளி என்றால் தசமம். ஆகவே ஒன்றரை கிலோ. இந்தோனேஷியாவில் டச்சு வழக்கப்படி புள்ளி என்பது ஆயிரத்தைப் பிரிக்கிற அடையாளம், தசமத்துக்குக் கமா. ஆகவே ஆயிரத்து ஐந்நூறு கிலோ. அதாவது ஒன்றரை டன்! ஒரு பார்சலை எடுத்துவரப் பையனை ஸ்கூட்டரில் அனுப்புவதா, லாரியும் நாலு ஆளும் அனுப்புவதா என்பது அந்த ஒற்றைப் புள்ளியில் இருக்கிறது.

சில எண்கள் தானாகவே பாஷையைக் காட்டிக்கொடுக்கும். 12.5 என்று இருந்தால் மலேசியா பக்கம். ஆயிரம் பிரிக்கும் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வேண்டுமே! 12,5 என்றால் இந்தோனேஷியா. 1.500,75 என்றால் சந்தேகமே வேண்டாம், இந்தோனேஷியாதான். (கால்குலேட்டர் பழக்கத்தில் அங்கேயும் சிலர் 12.5 என்று தட்டுவதுண்டு என்பதால் சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்.) வம்பு பிடித்தது, ஒரே புள்ளியும் அதற்குப் பின் சரியாக மூன்று இலக்கமும் உள்ள எண். தராசு கிராம் வரை காட்டினால் மலேசியாக்காரரும் 1.500 என்றுதான் எழுதுவார்.

இப்படிப்பட்ட செய்தியை எத்தனை நறுக்கி எண்ணினாலும் பிரயோஜனமில்லை. புரோகிராம் மோசம் என்பதல்ல காரணம். அந்தச் செய்திக்குள் விடையே இல்லை. இரண்டு பாஷைக்கும் பொதுவான வாக்கியத்தை எந்தக் கெட்டிக்காரனாலும் பிரிக்க முடியாது. ஆகவே எங்கள் புரோகிராமில் இரண்டு பெட்டிக்குப் பதில் மூன்று பெட்டி வைத்திருக்கிறோம். மலாய், இந்தோனேஷியா, 'தெரியவில்லை'. எந்தப் பக்கமும் பத்துக்கு ஒன்றாவது தேறாவிட்டால் மூன்றாவது பெட்டி.

"தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா?" என்று மேனேஜர் முதலில் முறைத்தார்.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா லாரி வாடகை யார் ஸார் கொடுக்கிறது?" என்றேன். பெட்டி பாஸாகிவிட்டது.

மூன்றாவது பெட்டியில் விழுந்ததற்கு வெளிச் சாட்சி தேடுகிறோம். அதே ஆள் போன வாரம் அனுப்பிய செய்திகளை இதோடு சேர்த்து எண்ணினால் நாலு வார்த்தை நாற்பதாகிவிடும், பாதி கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். டெலிபோன் நம்பர் 60-ல் ஆரம்பித்தால் மலேசியா, 62 என்றால் இந்தோனேஷியா. ஆனால் மேடான்காரர் பினாங்கு ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து, அங்கேயே ஒரு சிம் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆகவே நம்பர் நல்ல சாட்சி, ஆனால் ஒற்றைச் சாட்சியாக நம்பக்கூடாது.

அதற்கும் மசியாத எடைச் செய்திக்கு எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'சாத்து செத்தெங்கா கிலோ?' என்று திருப்பி அனுப்புகிறோம். ஒன்றரை கிலோவா என்று அர்த்தம். 'ஆமாம்' என்றால் ஸ்கூட்டர். 'இல்லை, செரிபு லீமா ராத்துஸ்' என்று ஆயிரத்து ஐந்நூறை எழுத்தில் எழுதினால் லாரி. இந்தக் கேள்வியும் பதிலும் இரண்டு பாஷையிலும் ஒன்றேதான். ஆசாமி எந்தக் கரை என்று கடைசிவரை தெரியாமலே எடை சரியாக வந்துவிடுகிறது.