பாதிரியார் எழுதிய முத்துக்குட்டி

தேவ்நாரில் குடியிருக்கும் குமரி மாவட்டத்து அன்பர் ஒருவர் கேட்டார்: "எங்க அய்யாவைப் பத்தி வெள்ளைக்காரப் பாதிரியார் எழுதினதை எப்படி நம்புறது அண்ணாச்சி?" இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த வட்டாரத்தில்தான் லண்டன் மிஷன் சங்கமும் ஊழியம் செய்தது. அந்தச் சங்கத்தின் அறிக்கைகளில் 'வைகுண்டர்' என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 'முத்துக்குட்டி' என்று தேட வேண்டும். பெற்றோர் இட்ட முடிசூடும் பெருமாள் என்ற பெயர் மேல்சாதியார் எதிர்ப்பால் முத்துக்குட்டி ஆயிற்று என்பது அன்பர்கள் மரபு. வைகுண்டர் என்று எழுதினால் அவதாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தானோ என்னவோ, மிஷனரிகள் பழைய பெயரையே எழுதினார்கள்.

அறிக்கைகள் சொல்வதன் சாரம் இரண்டு: அவர் ஏமாற்றுக்காரர், அவரைப் பின்பற்றுவோர் கிறிஸ்தவம் பரவுவதற்குப் பெருந்தடை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

'ஏமாற்றுக்காரர்' என்பது தீர்ப்பு. எழுதியவர் எதைக் கண்ணால் பார்த்து அப்படிச் சொன்னார் என்ற விவரம் கூட இல்லையென்றால், அது எழுதியவரின் மனநிலைக்கு மட்டுமே சான்று. 'தடை' என்பது வேறு வகை. இங்கிலாந்தில் நன்கொடை தருவோர் படிக்க அச்சிட்ட அறிக்கை அது. ஊழியம் வளர்கிறது என்று காட்டுவதே அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கு எதிராக, இன்னார் நம்மைத் தடுக்கிறார் என்று எழுத வேண்டி வந்ததென்றால், அய்யாவழியின் செல்வாக்கு அவ்வளவு கண்கூடாக இருந்திருக்கிறது. ஆனால் தடையைப் பெரிதாக்கினால் கூடுதல் பணம் கேட்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே ஆண்டை நம்பாமல் பல ஆண்டு அறிக்கைகளை அடுக்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்து மறுபக்கம். 1841இல் எழுதப்பட்டு 1939இல் முதலில் அச்சேறிய அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் அரசைக் 'கலிநீசன்' என்றும் வெள்ளையரை 'வெண்ணீசன்' என்றும் சாடுகிறது. அதற்கும் சார்பு உண்டு. இரு தரப்பும் ஒத்துப்போகும் இடத்தைத்தான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம்: பனையேறும் மக்களிடையே, விஷ்ணுவின் பெயரால், ஒரு பெருங்கூட்டம் திரண்டது.

பழைய பத்திரிகைகளில் வேறொரு பொறி இருக்கிறது. மிஷன் கடிதங்களையே எடுத்து வெளியிட்ட இதழ்கள் பல. அறிக்கையிலும் பத்திரிகையிலும் ஒரே செய்தி, ஒரே சொற்களில் வந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது. உள்நாட்டு மொழி இதழ்களை அரசுக்காகச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்த வாராந்தரத் தொகுப்புகளும் அப்படித்தான். அவை மும்பை ஆவணக்காப்பகத்திலும் கிடைக்கின்றன. எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று முடிவெடுத்தவர் அரசு மொழிபெயர்ப்பாளர். மூல இதழ் கிடைத்தால் அதைத் தேடிப் படியுங்கள்.

பாதிரியாரின் வசைச்சொல்லுக்குக் கோபப்பட்டு அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். அய்யா வாழ்ந்த நூற்றாண்டிலேயே அவருடைய இயக்கத்தின் வலிமையைப் பதிவு செய்தவர்களில் அதன் எதிராளிகளும் உண்டு. அந்தச் சாட்சியத்தை இழந்தால் நட்டம் நமக்குத்தான்.

(தொடரும்)